ஞாயிறு சைக்கிள் ரைடுக்கு அறிவிப்பு எழுதுவது எப்படி: தூரம், நிறுத்தம், திரும்பும் நேரம்

சில வருடங்களுக்கு முன் எங்கள் கிளப்பின் ஞாயிறு ரைடுக்கு நான் முதல்முறையாக அறிவிப்பு எழுதினேன். மொரீசியஸின் மேற்குக் கரையில் தமாரினில் கிளம்பி, லெ மோர்ன் மலையைச் சுற்றிக்கொண்டு, பே து காப் வரை போய்த் திரும்பும் ரைடு அது. “56 கிலோமீட்டர், காலை 9:30க்கு முடியும்” என்று எழுதியிருந்தேன். கடைசி ஆள் தமாரினுக்குத் திரும்பியபோது மணி 10:40. யாருக்கும் அடிபடவில்லை, பெரிய மழையும் இல்லை, ஒரே ஒரு பங்சர்தான். ஆனால் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையனின் அப்பா 9:15 முதல் கார் அருகே நின்றுகொண்டிருந்தார். குவாத்ர் போர்னில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் போக வேண்டும். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, ஒன்பதரைன்னுதானே போட்டிருந்தீங்க?”

அந்த ஒரு மணி நேரம் சாலையில் தொலையவில்லை, அறிவிப்பை எழுதும்போதே தொலைந்துவிட்டது. 56-ஐ மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்தேன், இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வந்தது, அதை 6:45-உடன் கூட்டி எழுதிவிட்டேன். சைக்கிள் கிளப் அறிவிப்புகளில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். அந்த ஒரே ரைடை எடுத்துக்கொண்டு, முறையாக எழுதுவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். உங்கள் ஊர் வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

முதலில் தூரம்: எங்கிருந்து, எதுவரை, போக மட்டுமா, போக வரவா

தூரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் சைக்கிள் மீட்டரே சொல்லிவிடும். தமாரின் கடற்கரை வாகன நிறுத்தத்தில் கிளம்பினால் ரிவியேர் நுவார், காஸ் நுவாயால் தாண்டி லா கோலெட் ஊர் சுமார் 16 கிலோமீட்டர். அங்கிருந்து லெ மோர்ன் கிராமம் சுமார் 6. அப்புறம் சாலை கிழக்கே திரும்பி, மக்கோண்டே பாறை வளைவைச் சுற்றிக்கொண்டு பே து காப் வரை இன்னொரு 6. ஆக ஒரு வழி 28, போக வர 56.

குழப்பம் வருவது எழுதும்போதுதான். ‘தமாரின் - பே து காப், 28 கி.மீ.’ என்று ஒருமுறை எங்கள் கிளப்பில் வேறொருவர் எழுதினார். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் மொத்தமே 28 என்று நினைத்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார்கள். திரும்பும் இடத்தில் அவர்கள் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து தூரத்துக்குப் பக்கத்தில் ‘போக வர’ என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் எங்கள் அறிவிப்பு வெளியே போவதில்லை. கிளம்பும் இடத்தையும் ஊர்ப் பெயரோடு விட்டுவிடாதீர்கள். ‘தமாரின்’ என்றால் சிலர் கடற்கரைக்கு வருவார்கள், சிலர் பெரிய சாலையில் கடைக்கு முன்னால் நிற்பார்கள். ஆளைத் தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

கிளப்பில் எல்லா வயதுக்காரர்களும் இருந்தால் இரண்டு தூரம் வையுங்கள். ஆனால் இரண்டு பாதை வைக்காதீர்கள். குறுகிய ரைடு, நீண்ட ரைடின் முதல் பகுதியாகவே இருக்கட்டும். எங்களுக்கு லா கோலெட் வரை போய்த் திரும்பினால் 32, பே து காப் வரை போனால் 56. இரண்டு குழுவும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாக முதல் நிறுத்தத்துக்கு வரும். ‘இன்றைக்குக் கால் ஒத்துழைக்கவில்லை’ என்று நினைப்பவர் அங்கேயே முடிவை மாற்றிக்கொள்ளலாம், அவருக்குத் துணையும் இருக்கும். தனித்தனிப் பாதை வைத்தால், நீண்ட பாதையில் நடுவில் சோர்ந்தவர் தனியாகத் திரும்ப வேண்டிவரும். பொறுப்பாளருக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

வேகம்: எந்த 20?

அறிவிப்பில் ‘சராசரி 20’ என்று எழுதினால் அதை ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். பெரும்பாலான சைக்கிள் மீட்டர்களும் போன் செயலிகளும் சைக்கிள் நிற்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சராசரி, உண்மையில் செலவான நேரத்தைச் சொல்வதில்லை. இன்னொன்று, ஓட்டும்போதான சராசரி 20 வர வேண்டுமென்றால் சமதளத்தில் 22, 23-இல் போக வேண்டும். ஊருக்குள் பிரேக் பிடிக்கும் இடம், வேகத்தடை, சின்ன ஏற்றம் எல்லாம் சராசரியை இழுத்துவிடும். முன்னால் போகிறவர் ‘இருபதுதானே’ என்று 24-இல் போவார். பின்னால் வருபவர் ‘இருபதுதானே’ என்று 20-இல் வருவார். பத்துக் கிலோமீட்டரில் குழு இரண்டாகிவிடும்.

அதனால் நான் இப்படி எழுதுகிறேன்: ‘காற்றில்லாத சமதளத்தில் 22-ஐத் தாண்டமாட்டோம்.’ முன்னால் போகிறவருக்கு இது கட்டுப்பாடு. பின்னால் வருகிறவருக்கோ தன்னால் முடியுமா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஓர் அளவு.

நேரக் கணக்குக்கு எடுக்க வேண்டியது குழுவின் கடைசி ஆளின் வேகம். நடுவில் வருபவருடையதை வைத்துக் கணக்குப் போட்டால், பாதிப் பேர் அறிவிப்புக்குப் பின்னால்தான் வந்து சேர்வார்கள். வழக்கமாகக் கடைசியில் வரும் ஒருவரின் பழைய மூன்று ரைடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கள் குழுவில் அது, காற்றில்லாதபோது, ஓட்டும் சராசரி 20.

காற்று

மொரீசியஸில் வருடத்தின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்துதான் காற்று வீசும். மே முதல் அக்டோபர் வரையான குளிர்காலத்தில் அது இன்னும் பலமாக இருக்கும். எங்கள் பாதையில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தமாரினிலிருந்து தெற்கே போகும்போது இடப்பக்கம் மலைத்தொடர் மறைத்து நிற்கிறது. அதனால் முதல் இருபது கிலோமீட்டருக்குக் காற்று பெரிதாகத் தெரியாது, எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். லெ மோர்ன் கிராமத்தைத் தாண்டிச் சாலை கிழக்கே திரும்பும் இடத்தில் மறைப்பு முடிந்துவிடும். சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம், காதில் இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்காது. லெ மோர்ன் கடலில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைச்சறுக்கு விளையாட உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவதற்கு இந்தக் காற்றுதான் காரணம். நமக்கு அது நேர் எதிர்காற்று. காற்றில்லாமல் 20 போகிறவர் அங்கே 15-க்கு இறங்கிவிடுவார்.

‘போகும்போது எதிர்காற்று என்றால் வரும்போது பின்காற்று, சரிக்குச் சரியாகிவிடும்’ என்று பலர் சொல்வார்கள். ஆகாது. 6 கிலோமீட்டரை 15 வேகத்தில் கடக்க 24 நிமிடம். அதே 6-ஐப் பின்காற்றில் 24 வேகத்தில் திரும்பி வர 15 நிமிடம். மொத்தம் 39. காற்றே இல்லாமல் இருந்தால் இரண்டு முறையும் 18, மொத்தம் 36. எதிர்காற்றில் நாம் அதிக நேரம் கிடந்து உழைக்கிறோம், பின்காற்று சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 12 கிலோமீட்டருக்கு 3 நிமிடம் சின்ன இழப்புதான். நாள் முழுக்கக் காற்றில் ஓட்டும் பாதையானால் அதுவே கால் மணி, அரை மணி என்று வளரும். இதைத் தவிர, எதிர்காற்றில் செலவான கால்வலு கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் கணக்குத் தீர்க்கும்.

திசை வைப்பதிலும் இது உதவும். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று பாதையை வையுங்கள். களைத்த குழுவை எதிர்காற்றுக்குள் கூட்டிக்கொண்டு வரும் ரைடில் எந்த நேரக் கணக்கும் நிற்காது.

நிறுத்தங்கள்: எந்தப் பக்கம் என்பது முக்கியம்

நிறுத்தம் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் நிழல், தண்ணீர், கழிப்பறை பார்ப்பார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அது சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. இங்கே நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பதினைந்து பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் குறுக்கே கடப்பது, அதுவும் வளைவுக்குப் பக்கத்தில், நாமே வலியப் போய் வாங்கும் ஆபத்து.

எங்கள் பாதையில் போகும்போது கடல் வலப்பக்கம், கடைகள் உள்ள ஊர் இடப்பக்கம். திரும்பும்போது கடல் இடப்பக்கம் வந்துவிடும். ஆகவே போகும்போது கடை நிறுத்தம், வரும்போது கடற்கரை நிறுத்தம். முதல் நிறுத்தம் லா கோலெட்டில் இடப்பக்கக் கடை. கடற்கரை நிறுத்தத்தை முன்பெல்லாம் போகும் வழியில் லா ப்ரேரியில் வைத்திருந்தோம், சாலையைக் கடந்து போவோம். இப்போது பே து காப் வரை போய்த் திரும்பிவிட்டு, வரும் வழியில் லா ப்ரேரியில் நிற்கிறோம். எதிர்காற்று முடிந்துவிட்டது என்ற நிம்மதியோடு உட்காரலாம் என்பது கூடுதல் லாபம்.

அடுத்தது, நிறுத்தத்தின் நீளம். அறிவிப்பில் ‘10 நிமிடம்’ என்று போட்டால் சாலையில் அது 17 ஆகிவிடும். பதினைந்து பேர் வந்து சேரவே மூன்று நான்கு நிமிடம் இடைவெளி இருக்கும். கடையில் வரிசை, ஒருவர் காத்தோ பிமாங் என்ற மிளகாய் வடை வைத்த ரொட்டிக்குக் காத்திருப்பார், கடைசியாக வந்தவர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றியிருப்பார். நிறுத்த நேரத்தைக் கடைசி ஆள் வந்து சேர்ந்ததிலிருந்து எண்ண வேண்டும். இல்லாவிட்டால் மிகவும் ஓய்வு வேண்டியவருக்கே ஓய்வு கிடைக்காது. அதனால் நான் அறிவிப்பில் ‘எத்தனை நிமிடம் நிறுத்தம்’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். ‘7:50க்குக் கிளம்புகிறோம்’ என்று எழுதுகிறேன். கடிகாரத்தைப் பார்த்து எழுந்திருப்பது எல்லாருக்கும் சுலபம்.

கடை அந்த நேரத்தில் திறந்திருக்குமா என்று முந்தைய ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துவிடுங்கள். வார நாளில் பார்த்தது ஞாயிறுக்கு உதவாது. தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாட்களில் எங்கள் ஆட்களில் பலர் சைவம். கடைப் பலகாரத்தை நம்பாமல் வாழைப்பழமும் வேர்க்கடலையும் கொண்டுவரச் சொல்லி அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடுவோம்.

இப்போது கணக்கு

ஆகஸ்ட் மாத ஞாயிறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்போது சூரிய உதயம் சுமார் 6:35. மேற்குக் கரையில் வெயில் மலையைத் தாண்டி வர இன்னும் நேரமாகும், ஆனால் சாலை தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். கிளம்பும் நேரம் 6:45 என்று வைக்கிறோம். டிசம்பரானால் சுமார் 5:30க்கே விடிந்துவிடும், 5:45க்குக் கிளம்பி வெயிலிடமிருந்து ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம்.

பாதையைத் துண்டு துண்டாக உடைத்துக் கணக்குப் போடுங்கள். தமாரினிலிருந்து லா கோலெட் 16 கிலோமீட்டர், மலை மறைப்பில் 20 வேகம், 48 நிமிடம். கடைசி ஆள் 7:33க்கு வருவார். கிளம்புவது 7:50. அங்கிருந்து லெ மோர்ன் கிராமம் 6 கிலோமீட்டர், 18 நிமிடம், மணி 8:08. அடுத்த 6 கிலோமீட்டர் எதிர்காற்று, 15 வேகம், 24 நிமிடம். 8:32க்கு பே து காப். திரும்புகிறோம்.

லா ப்ரேரிக்குப் பின்காற்றில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர், 8 நிமிடம். 8:40க்கு அங்கே. 9:00க்குக் கிளம்புகிறோம். மீதிப் பின்காற்றுத் துண்டு 7 நிமிடம், பிறகு லா கோலெட் வரை 18 நிமிடம், மணி 9:25. தண்ணீர் நிரப்ப மட்டும் நின்று 9:35க்குக் கிளம்பினால், கடைசி 16 கிலோமீட்டருக்கு 48 நிமிடம், 10:23க்கு தமாரின். பின்காற்று கொஞ்சம் உதவும், களைப்பு அதைத் தின்றுவிடும் என்பதால் இங்கேயும் 20-ஐயே வைத்தேன்.

இத்துடன் ஒரு பங்சருக்கு 15 நிமிடம் சேருங்கள். பழகியவர் ஏழெட்டு நிமிடத்தில் ட்யூப் மாற்றிவிடுவார். ஆனால் முன்னால் போனவர்களுக்குச் செய்தி சொல்லி, அவர்கள் நின்று, மறுபடி குழு கூடுவதற்கு மீதி நேரம் போய்விடும். பதினைந்து பேர் 56 கிலோமீட்டர் போனால் யாராவது ஒருவருக்கு ஏதாவது ஆகும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு நேரம் 10:38. அறிவிப்பில் 10:40.

நான் முதலில் எழுதிய 9:30-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டும் நேரத்தில் வித்தியாசம் மூன்றே நிமிடம்தான். மிச்சம் அத்தனையும் நிறுத்தங்களும் பங்சரும். நேரம் தவறும்போது எல்லாரும் வேகத்தைக் குறை சொல்வார்கள், ஆனால் கணக்கில் விட்டுப்போவது பெரும்பாலும் நின்ற நேரம்தான்.

குறுகிய ரைடுக்கு: 7:50க்கு லா கோலெட்டிலிருந்து திரும்பினால் 8:38, பங்சருக்குப் பத்து நிமிடம் வைத்து 8:50.

10:40க்குப் பிறகும் இழுக்காமல் பார்த்துக்கொள்ள எங்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. ஞாயிறன்று குடும்பம் குடும்பமாகச் சட்டிப் பானையோடு கடற்கரைக்கு வருவது இந்தத் தீவின் வழக்கம். காலை ஏற ஏற லெ மோர்ன் பக்கம் கார்களும் வாடகைப் பேருந்துகளும் கூடிக்கொண்டே போகும். அந்த நெரிசல் எதிரே வருவதற்குள் நாம் லா கோலெட்டைத் தாண்டிவிட வேண்டும்.

திரும்பும் கெடு

எதிர்பார்க்கும் முடிவு நேரம் எழுதினால் போதாது. எந்த நேரத்துக்குள் எங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதும் வேண்டும். எங்கள் ரைடில் இரண்டு கெடு. 7:50க்குள் லா கோலெட் வந்து சேராதவர் குறுகிய குழுவோடு திரும்புவார். 8:45 ஆனதும் எங்கே இருந்தாலும், பே து காப் கண்ணுக்குத் தெரிந்தாலும், எல்லாரும் திரும்புவோம்.

இதை அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். சாலையில் நின்றுகொண்டு ஒருவரிடம் “நீங்கள் திரும்பிப் போங்கள்” என்று சொல்வது அவரைக் குறைத்துச் சொல்வது போல ஆகிவிடும். முன்பே எழுதியிருந்தால் அது எல்லாருக்கும் பொதுவான விதி. வயதில் மூத்த ஒருவரிடம் ஒருமுறை, “அண்ணா, ஏழு ஐம்பதாயிடுச்சு” என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

என்ன கொண்டுவர வேண்டும் என்பதில் குறிப்பாக இருங்கள்

‘பங்சர் சாமான் கொண்டுவரவும்’ என்று எழுதுவதால் பயனில்லை. எங்கள் ரைடு ஒன்றில் காஸ் நுவாயால் அருகே ஒருவருக்குப் பின்சக்கரம் இறங்கியது. பையிலிருந்து புது ட்யூபை எடுத்தார். அதன் வால்வு கார் சக்கரத்தில் இருப்பது போன்ற தடித்த வகை. அவருடைய சக்கரத்தின் ஓட்டையோ ஒல்லி வால்வுக்கானது. தடித்த வால்வு அதில் நுழையவே நுழையாது. ஒல்லி வால்வாக இருந்து ஓட்டை பெரிதாக இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருக்கலாம். வேறொருவரின் ட்யூபைக் கடன் வாங்கிக் கிளம்ப இருபத்தைந்து நிமிடம் ஆனது. இப்போது அறிவிப்பில் இப்படி எழுதுகிறோம்: ‘உங்கள் சக்கரத்தின் அளவுக்கும் வால்வுக்கும் பொருந்தும் ட்யூப் ஒன்று. சனிக்கிழமையே டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.’

தண்ணீருக்கு முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு. மணிக்கு அரை லிட்டர் என்று வைத்தாலும் லா கோலெட்டில் இரண்டு முறை நிரப்பிக்கொள்ள வழியிருப்பதால் அது தாராளமாகப் போதும். விளக்கு, ஹெல்மெட், கொஞ்சம் பணம். அவ்வளவுதான், பட்டியலை நீட்டினால் யாரும் படிப்பதில்லை.

மழை, புயல்

யார் முடிவு செய்வார், எத்தனை மணிக்கு, எந்த அடையாளத்தை வைத்து என்ற மூன்றும் அறிவிப்பில் இருக்க வேண்டும். ‘வானிலையைப் பொறுத்தது’ என்று மட்டும் எழுதினால் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு உங்கள் போன் ஓயாது. நாங்கள் வாக்வாவில் உள்ள வானிலை நிலையத்தின் எச்சரிக்கையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். புயல் எச்சரிக்கை இங்கே நான்கு வகுப்பாக வரும், முதல் வகுப்பு வந்தாலே ரைடு கிடையாது. கனமழை எச்சரிக்கை வந்தாலும் கிடையாது. தூறல் மட்டுமென்றால் உண்டு. நவம்பர் முதல் மே வரை புயல் காலம் என்பதால் அந்த மாதங்களில் சனி மாலை ஆறு மணிக்கு ஒரு செய்தி, ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஒரு செய்தி கட்டாயம் போகும். ஒன்றும் மாறவில்லை என்றாலும் ‘ரைடு உண்டு’ என்று அனுப்பிவிடுவோம். செய்தி வராமல் போனால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

தேதி வைக்கும் முன் நாட்காட்டியையும் பாருங்கள். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாட்களில் கங்கா தலாவ் ஏரி நோக்கிக் கன்வர் என்ற அலங்கார மூங்கில் சட்டகம் சுமந்து பல்லாயிரம் பேர் நடப்பார்கள், மேட்டுநிலச் சாலைகள் எல்லாம் அவர்களுடையதாகிவிடும். எங்கள் ஆட்களிலும் நடப்பவர்கள் உண்டு, அந்த வாரம் ரைடே வைப்பதில்லை.

முழு அறிவிப்பு

இத்தனையும் சேர்ந்து கடைசியில் வருவது இவ்வளவுதான். போனில் ஒரே திரையில் அடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வரியில் நாள், இடம், நேரம் வந்துவிட வேண்டும்.

> ஞாயிறு ரைடு: தமாரின் – லா கோலெட் – பே து காப்
> கூடும் இடம்: தமாரின் கடற்கரை வாகன நிறுத்தம், காலை 6:30. கிளம்புவது சரியாக 6:45.
> முடியும் நேரம்: குறுகிய ரைடு 8:50, நீண்ட ரைடு 10:40. வீட்டில் இந்த நேரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்.
>
> தூரம் (போக வர): குறுகியது 32 கி.மீ., நீண்டது 56 கி.மீ. பெரிய ஏற்றம் இல்லை. லெ மோர்ன் தாண்டி 6 கி.மீ. எதிர்காற்று.
> வேகம்: காற்றில்லாத சமதளத்தில் 22-ஐத் தாண்டமாட்டோம். கடைசி ஆளோடு ஒருவர் எப்போதும் வருவார்.
>
> லா கோலெட், 16 கி.மீ.: கடை, தண்ணீர். 7:50க்குக் கிளம்புகிறோம். குறுகிய குழு இங்கிருந்து திரும்பும்.
> பே து காப், 28 கி.மீ.: சுமார் 8:30. நிறுத்தம் இல்லை, திரும்புகிறோம்.
> லா ப்ரேரி கடற்கரை, திரும்பும் வழி, 31 கி.மீ.: நிழல், ஓய்வு. 9:00க்குக் கிளம்புகிறோம்.
> லா கோலெட், 40 கி.மீ.: தண்ணீர் மட்டும். 9:35க்குக் கிளம்புகிறோம்.
>
> கெடு: 7:50க்குள் லா கோலெட் வராதவர்கள் குறுகிய குழுவோடு திரும்புவார்கள். 8:45க்கு எங்கே இருந்தாலும் எல்லாரும் திரும்புவோம்.
> கொண்டுவர: ஹெல்மெட், முன்பின் விளக்கு, 2 பாட்டில் தண்ணீர், உங்கள் சக்கரத்துக்கும் வால்வுக்கும் பொருந்தும் ட்யூப் ஒன்று, தின்ன ஏதாவது, கொஞ்சம் பணம்.
> மழை: புயல் எச்சரிக்கையோ கனமழை எச்சரிக்கையோ வந்தால் ரைடு இல்லை. முடிவு ஞாயிறு காலை 5:00க்கு வரும்.
> அவசரத்துக்கு: பொறுப்பாளர் எண், பின்னால் வருபவர் எண். ஆம்புலன்ஸ் 114.
> வருகிறவர்கள் சனி மதியத்துக்குள் பெயரும் எந்த ரைடு என்பதும் சொல்லவும்.

கடைசி வரியைத் தூக்கிவிடாதீர்கள். எத்தனை பேர் கிளம்பினார்கள் என்ற எண் இருந்தால்தான் திரும்பும்போது எல்லாரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்க்க முடியும். பேர் இருபதைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரித்து ஐந்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். மக்கோண்டே வளைவில் இருபது சைக்கிள் நீளத்துக்கு ஒரு வரிசை போனால் பின்னால் வரும் காருக்கு முந்திப் போக இடமே கிடைக்காது, ஓட்டுநர் பொறுமையிழந்து வளைவிலேயே முந்தப் பார்ப்பார்.

அப்புறம் ஒரு வேலை, ரைடு முடிந்த பிறகு. கடைசி ஆள் ஒவ்வொரு இடத்துக்கும் வந்த நேரத்தை, அவருடன் வருபவர் போனில் குறித்து வைக்கட்டும். லா கோலெட், பே து காப், லா ப்ரேரி, மறுபடி லா கோலெட், தமாரின், ஐந்தே எண்கள். அறிவிப்பில் இருந்த நேரத்துக்குப் பக்கத்தில் அவற்றை எழுதிப் பாருங்கள். எங்களுக்கு முதல் வருடம் லா ப்ரேரியில்தான் தவறிக்கொண்டே இருந்தது. 20 நிமிடம் போட்டிருந்தோம், ஒவ்வொரு முறையும் 30 ஆனது. கடலைப் பார்த்து உட்கார்ந்தவர்களை எழுப்ப முடியவில்லை. அதனால் கோடைக்கால ரைடில் அந்த நிறுத்தத்தை 30 ஆக்கிவிட்டு, திரும்பும்போது லா கோலெட்டில் நிற்பதை எடுத்துவிட்டோம். தண்ணீரை முதல் நிறுத்தத்திலேயே முழுதாக நிரப்பச் சொல்லி ஒரு வரி கூடியது, முடிவு நேரம் அப்படியே நின்றது.